மின்னழுத்தம் கூடினால் கம்பியில் இழப்பு ஏன் குறைகிறது: ஒரு மின்பாதையின் கணக்கு

கேள்வி: உயர் மின்னழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பினால் கம்பியில் இழப்பு குறையும் என்று படித்தேன். ஆனால் ஓம் விதிப்படி மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூட வேண்டுமே? V²/R என்று கணக்கிட்டாலும் இழப்பு கூடுவதாகத்தான் வருகிறது. எங்கே தவறுகிறேன்? எண்களோடு விளக்க முடியுமா?

பதில்:

ஓம் விதியும் சரி, V²/R என்ற வாய்பாடும் சரி. ஆனால் அவற்றில் நீங்கள் இடும் மின்னழுத்தம், அந்த இடத்துக்கு உரியதன்று. ஒரு மின்பாதையில் இரண்டு கம்பிகள் அருகருகே செல்வதாக வைத்துக்கொண்டால், அங்கே இரண்டு விதமான மின்னழுத்தங்களை அளக்கலாம். ஒன்று, ஒரு கம்பிக்கும் மற்றக் கம்பிக்கும் இடையே உள்ளது. மற்றது, ஒரே கம்பியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ளது. மின்பாதையின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறோம் என்று சொல்லும்போது நாம் உயர்த்துவது முதலாவதை மட்டுமே. கம்பியைச் சூடாக்கி இழப்பை உண்டாக்குவது இரண்டாவது. அனுப்பும் திறன் மாறாதிருக்கும்போது முதலாவது உயர்ந்தால் இரண்டாவது தாழ்கிறது. எண்களில் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மின்சுமைக்கு 1 மெகாவாட், அதாவது 10 லட்சம் வாட் திறனைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று கொள்வோம். கம்பி அலுமினியத்தால் ஆனது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அலுமினியக் கம்பி 20 டிகிரி செல்சியஸில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0282 ஓம் தடை காட்டும். ஆகவே நம் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 28.2 ÷ 113, அதாவது 0.25 ஓம். மின்னோட்டம் ஒரு கம்பியில் சென்று மற்றக் கம்பியில் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் எடுக்க வேண்டிய நீளம் 20 அல்ல, 40 கிலோமீட்டர். பயிற்சிக் கணக்குகளில் மிகுதியாக நழுவும் இடம் இதுதான். மொத்தத் தடை 40 × 0.25 = 10 ஓம். கணக்கு எளிதாக இருப்பதற்காக மின்சுமை முழுவதும் தடையாலானது என்றும், மின்மாற்றிகளில் இழப்பு இல்லை என்றும் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில், மின்சுமை இருக்கும் முனையில் இரு கம்பிகளுக்கும் இடையே 10,000 வோல்ட் இருக்கும்படி அனுப்புவோம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்பதால், தேவையான மின்னோட்டம் 10,00,000 ÷ 10,000 = 100 ஆம்பியர். இந்த 100 ஆம்பியர் 10 ஓம் தடை வழியே ஓடும்போது கம்பியின் நெடுகிலும் 100 × 10 = 1,000 வோல்ட் வீழ்ச்சி ஏற்படுகிறது. எனவே அனுப்பும் முனையில் 11,000 வோல்ட் கொடுத்தால்தான் பெறும் முனையில் 10,000 வோல்ட் கிடைக்கும். வீழ்ச்சியுற்ற 1,000 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 1,00,000 வாட் வருகிறது. 1,100 கிலோவாட் அனுப்பி 1,000 கிலோவாட் பெறுகிறோம். 100 கிலோவாட் கம்பியில் வெப்பமாகிறது. அனுப்பியதில் இது ஏறத்தாழ 9.1 விழுக்காடு. ஒரு நாள் முழுவதும் இப்படியே ஓடினால் 2,400 யூனிட் காற்றில் கரைகிறது. ஆனால் அந்த வெப்பம் 40 கிலோமீட்டர் நீளத்தில் பரவிவிடுவதால் மீட்டருக்கு 2.5 வாட் மட்டுமே. கம்பியைப் பார்த்து இந்த இழப்பை யாராலும் கண்டுகொள்ள முடியாது.

இப்போது அதே கம்பியில், அதே 1 மெகாவாட்டை, பெறும் முனையில் 1,00,000 வோல்ட் இருக்கும்படி அனுப்புவோம். தேவையான மின்னோட்டம் 10 ஆம்பியராகக் குறைகிறது. கம்பியில் ஏற்படும் வீழ்ச்சி 10 × 10 = 100 வோல்ட். அனுப்பும் முனையில் 1,00,100 வோல்ட் போதும். இழப்பு 100 வோல்ட் × 10 ஆம்பியர் = 1,000 வாட், அதாவது 1 கிலோவாட். நூறு கிலோவாட்டாக இருந்தது ஒரு கிலோவாட்டாகிவிட்டது. மின்னழுத்தம் பத்து மடங்கு உயர்ந்ததற்கு இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. நடுவே 20,000 வோல்ட்டில் அனுப்பியிருந்தால் மின்னோட்டம் 50 ஆம்பியர், வீழ்ச்சி 500 வோல்ட், இழப்பு 25 கிலோவாட். அதாவது மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் இழப்பு கால் பங்காகிறது.

இந்த வர்க்க உறவு எங்கிருந்து வருகிறது என்பதை மேலே உள்ள எண்களிலேயே காணலாம். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கானபோது, ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் கம்பியைக் கடக்கையில் இழக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. ஏனெனில் வீழ்ச்சி 1,000 வோல்ட்டிலிருந்து 100 வோல்ட்டாகிவிட்டது. அதே நேரத்தில் ஒரு விநாடியில் கடந்து செல்லும் கூலும்களின் எண்ணிக்கையும் பத்தில் ஒரு பங்காகிறது. ஒவ்வொன்றும் இழப்பது குறைவு, இழப்பவற்றின் எண்ணிக்கையும் குறைவு என்ற இரண்டும் பெருக்கிக்கொள்வதால்தான் நூறில் ஒரு பங்கு வருகிறது. I²R என்று சுருக்கமாக எழுதும்போது இந்த இரண்டு காரணங்களும் ஒரே குறிக்குள் மறைந்துவிடுகின்றன. அதனால்தான் பலருக்கு வர்க்கம் என்பது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதாகத் தோன்றுகிறது.

இனி V²/R. முதல் நிலையில் இதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டுமானால், 10 ஓம் தடையுள்ள கம்பியின் நெடுகே விழும் 1,000 வோல்ட்டைத்தான் இட வேண்டும். 1,000 × 1,000 ÷ 10 = 1,00,000 வாட்; நாம் முன்பே கண்ட அதே 100 கிலோவாட். இரண்டாம் நிலையில் 100 × 100 ÷ 10 = 1,000 வாட்; இதுவும் பொருந்துகிறது. மாறாக, அனுப்பும் முனையின் 11,000 வோல்ட்டை இட்டால் 121 லட்சம் வாட், அதாவது 12.1 மெகாவாட் இழப்பு என்று வரும். நாம் அனுப்புவதே 1.1 மெகாவாட்தான் என்னும்போது அதைவிடப் பெரிய இழப்பு எப்படி நேரும்? அந்த 12.1 மெகாவாட் பொருளற்ற எண் அன்று. பெறும் முனையில் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மின்சுமையே இல்லாமல் மின்சுற்று குறுகிப்போனால், 11,000 வோல்ட் முழுவதும் கம்பியின் மேலேயே விழும். அப்போது கம்பியில் எரியும் திறன் அது. குறுக்குச்சுற்று நேர்ந்த மின்பாதைக்கான விடையை, இயல்பாக ஓடும் மின்பாதைக்கான விடையாக எடுத்துக்கொண்டதுதான் உங்கள் கணக்கில் நேர்ந்தது. ஒரு வாய்பாட்டில் R எந்தப் பொருளின் தடையோ, V அதே பொருளின் இரு முனைகளுக்கும் இடையே உள்ளதாக இருக்க வேண்டும். பாடநூல்கள் இதைச் சொல்லாமல் வெறும் எழுத்துகளாக V²/R, I²R என்று அடுத்தடுத்து எழுதிவிடுவதை ஒரு பெரிய குறையாகவே நான் கருதுகிறேன்.

ஓம் விதியைப் பற்றிய ஐயம் இதைவிட ஆழமானது. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. முதல் நிலையில் மின்சுமை 10,000 வோல்ட்டில் 100 ஆம்பியர் எடுப்பதால், அது 100 ஓம் தடைக்குச் சமம். கம்பியின் 10 ஓமும் சேர்ந்து மொத்தம் 110 ஓம்; 11,000 ÷ 110 = 100 ஆம்பியர் என்று ஓம் விதி சரியாகவே பொருந்துகிறது. இப்போது வேறு எதையும் மாற்றாமல் அனுப்பும் முனையை மட்டும் 1,10,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால், நீங்கள் சொல்வதுபோலவே மின்னோட்டமும் பத்து மடங்காகி 1,000 ஆம்பியர் ஓடும். மின்சுமைக்கு 100 மெகாவாட் போகும். கம்பியில் 10 மெகாவாட் இழப்பு ஏற்படும். இழப்பின் விகிதம் முன்புபோலவே பதினொன்றில் ஒரு பங்கு. ஆக, மின்னழுத்தத்தை உயர்த்துவது மட்டும் இழப்பின் விகிதத்தில் எள்ளளவும் மாற்றத்தைக் கொண்டுவராது என்பது உண்மை. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது, கம்பியின் தடைக்கு எதிராக மின்சுமையின் தடை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதுதான்.

அந்தத் தடையை மாற்றிக் காட்டும் வேலையைச் செய்வது மின்மாற்றி. பெறும் முனையில் 1,00,000 வோல்ட்டை 10,000 வோல்ட்டாக இறக்கும் மின்மாற்றி ஒன்றை வைத்தால், மின்சுமை எப்போதும்போல 10,000 வோல்ட்டில் 100 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மின்மாற்றியின் மறுபக்கத்தில், அதாவது மின்பாதையின் பக்கத்தில், அது 1,00,000 வோல்ட்டில் 10 ஆம்பியராகவே தெரிகிறது. 1,00,000 ÷ 10 = 10,000 ஓம். மின்மாற்றியின் இரு சுருள்களில் உள்ள சுற்றுகளின் விகிதம் பத்து என்றால், மின்னழுத்தம் பத்து மடங்கு கூடுகிறது, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிறது. எனவே மின்பாதைக்குத் தெரியும் தடை நூறு மடங்காகிறது. கம்பியின் 10 ஓம் இப்போது 100 ஓமுக்கு எதிராக நிற்கவில்லை, 10,000 ஓமுக்கு எதிராக நிற்கிறது. மொத்தம் 10,010 ஓமில் 10 ஓம் என்றால் இழப்பு ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு. 1,001 கிலோவாட் அனுப்பி 1 கிலோவாட் இழக்கிறோம் என்று முன்பு கண்ட அதே விடை. ஓம் விதி எந்த இடத்திலும் மீறப்படவில்லை. மின்னழுத்தம் பத்து மடங்கு கூடியது, எதிரே நின்ற தடை ஏறக்குறைய நூறு மடங்கு கூடியது, அதனால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கானது.

மின்னழுத்தம் மிகத் தாழ்ந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே நிகழ்வது இழப்பு சற்றுக் கூடுவது மட்டுமன்று. நம்முடைய அதே 10 ஓம் மின்பாதைக்கு அனுப்பும் முனையில் 11,000 வோல்ட் மட்டுமே உண்டு என்று கொண்டு, 1 மெகாவாட் போய்ச் சேர எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கணக்கிட்டால் பின்வரும் சமன்பாடு கிடைக்கிறது.

11,000 × I − 10 × I² = 10,00,000

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று நாம் அறிந்த 100 ஆம்பியர். மற்றது 1,000 ஆம்பியர். இரண்டாவதில் கம்பியிலேயே 10,000 வோல்ட் விழுந்துவிட, பெறும் முனையில் மிஞ்சுவது 1,000 வோல்ட். அந்த 1,000 வோல்ட்டை 1,000 ஆம்பியரால் பெருக்கினாலும் அதே 1 மெகாவாட்தான். ஆனால் அதைக் கொண்டு சேர்க்க 10 மெகாவாட் வழியில் எரிகிறது. பெறும் முனையின் மின்னழுத்தத்தை நாம் நிலைநிறுத்தத் தவறினால், ஒரே திறனை இப்படி மிக மோசமான வழியிலும் கடத்த முடியும் என்று சமன்பாடு சொல்கிறது. இரண்டு விடைகளுக்கும் நடுவே ஓர் உச்சம் இருக்கிறது. மின்னோட்டம் 550 ஆம்பியரை எட்டும்போது அனுப்பிய மின்னழுத்தத்தில் சரிபாதி கம்பியில் விழுந்து, பெறும் முனைக்கு 3.025 மெகாவாட் கிடைக்கிறது. கம்பியும் அதே அளவு திறனை எரிக்கிறது. இந்த மின்பாதையின் எல்லை அது. அதற்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டப் போய்ச் சேரும் திறன் குறையத் தொடங்கும்.

இந்த எல்லை அனுப்பும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு கம்பித் தடையால் வகுத்தால் வருவது. ஆகவே அனுப்பும் முனையில் 1,000 வோல்ட் மட்டுமே இருந்தால், அதிகபட்சமாகக் கொண்டு சேர்க்கக்கூடியது 25 கிலோவாட். 1 மெகாவாட்டை அந்த மின்னழுத்தத்தில் இந்தக் கம்பி வழியே அனுப்புவது வீண் செலவு என்று சொல்வதுகூடப் பொருந்தாது. எவ்வளவு செலவிட்டாலும் அது நடக்காது. உயர் மின்னழுத்தத்தைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் சேமிப்பைப் பற்றியே பேசுகின்றன. தொலைதூரத்துக்குத் திறன் போய்ச் சேருவதே உயர் மின்னழுத்தத்தால்தான் என்பது என் பார்வையில் அதைவிட முதன்மையானது. 1882ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மீஸ்பாக்கிலிருந்து மூனிக் நகருக்கு 57 கிலோமீட்டர் தொலைவுக்கு நேர்திசை மின்சாரத்தை அனுப்பிக் காட்டியபோது, அனுப்பியதில் பெரும்பகுதி வழியிலேயே போய்விட்டது. 1891இல் லாவ்ஃபன் என்ற ஊரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மும்முனை மின்சாரத்தை மின்மாற்றிகளின் துணையோடு 15,000 வோல்ட்டில் அனுப்பினார்கள்; ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போய்ச் சேர்ந்தது. தொலைவு மூன்று மடங்கு கூடியும் விளைவு இப்படித் தலைகீழானதற்கு மின்னழுத்தமே முதன்மைக் காரணம்.

மேலே நான் எளிமைக்காக விட்டவற்றில் மூன்றை மட்டும் இப்போது சேர்க்கிறேன். உண்மையான மின்பாதையில் அளந்த இழப்பு கணக்கிட்டதைவிடக் கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் காரணம் இருக்கும். முதலாவது வெப்பநிலை. 10 ஓம் என்பது 20 டிகிரிக்கான தடை. வெயிலாலும் மின்னோட்டத்தாலும் கம்பி 75 டிகிரியை எட்டினால் அலுமினியத்தின் தடை ஏறத்தாழ 22 விழுக்காடு கூடி 12.2 ஓமாகிறது, அதே 100 ஆம்பியருக்கு இழப்பு 122 கிலோவாட்.

இரண்டாவது திறன் காரணி, அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதில் உண்மையில் பயன்படும் திறனின் பங்கு. மின்சுமையில் மோட்டார்கள் மிகுந்து திறன் காரணி 0.8 ஆக இருந்தால், 10,000 வோல்ட்டில் 1 மெகாவாட்டை எடுக்க 125 ஆம்பியர் வேண்டும். இழப்பு 156 கிலோவாட்டாக உயர்கிறது. மின்னழுத்தத்தைத் தொடாமலேயே, மின்சுமையின் அருகில் மின்தேக்கிகளை வைத்து இதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். மின்னழுத்தத்தை உயர்த்துவதும் மின்தேக்கி வைப்பதும் வெவ்வேறு உத்திகளாகத் தோன்றினாலும், கம்பியில் ஓடும் ஆம்பியரைக் குறைப்பதுதான் இரண்டும் செய்யும் வேலை.

மூன்றாவதை மறப்பவர்கள் மிகுதி. நாள் முழுவதற்கும் சராசரி மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் வர்க்கத்தைக் கணக்கிடுவது தவறு. அரை நாள் 150 ஆம்பியரும் அரை நாள் 50 ஆம்பியரும் ஓடினால் சராசரி 100 ஆம்பியர்தான். ஆனால் இழப்பு முதல் பாதியில் 225 கிலோவாட், இரண்டாம் பாதியில் 25 கிலோவாட். சராசரி 125 கிலோவாட். உச்ச நேரத்தின் இழப்பு, ஓய்ந்த நேரத்தின் சேமிப்பைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

மும்முனை மின்சாரத்துக்கும் இந்தக் கணக்கின் போக்கு மாறாது. அதே கம்பியில் மூன்று இழுத்து, கம்பிகளுக்கு இடையே 10,000 வோல்ட் வைத்தால், ஒவ்வொன்றிலும் 57.7 ஆம்பியர் ஓடும். திரும்பி வருவதற்கெனத் தனிக் கம்பி தேவையில்லை என்பதால் ஒவ்வொன்றின் தடை 5 ஓம். மூன்றிலும் சேர்த்து இழப்பு 50 கிலோவாட். ஒரு கம்பி கூடுதலாக இழுத்ததற்கு இழப்பு பாதியாகிறது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் இதுவும் நூறில் ஒரு பங்காகி 500 வாட்டுக்கு இறங்கும்.

அப்படியானால் மின்னழுத்தத்தை ஏன் அளவின்றி உயர்த்துவதில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்குமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடைமுறையில் யாரும் உயர் மின்னழுத்தத்தின் பயன் முழுவதையும் இழப்பைக் குறைப்பதிலேயே செலவிடுவதில்லை. 1,00,000 வோல்ட் மின்பாதையில் பழைய 100 ஆம்பியரையே ஓட விட்டால், அதே 100 கிலோவாட் இழப்பில் 10 மெகாவாட்டைக் கொண்டு சேர்க்கலாம். இழப்பு 1 விழுக்காடு மட்டுமே. அல்லது, 1 மெகாவாட்டே போதும், 100 கிலோவாட் இழப்பும் பரவாயில்லை என்றால், 1,000 ஓம் தடையுள்ள கம்பியைப் பயன்படுத்தலாம் என்று கணக்கு சொல்லும். 12 டன்னுக்கு மேல் தேவைப்பட்ட அலுமினியம் 122 கிலோவாகிவிடும். ஆனால் அந்தக் கம்பியின் பரப்பு 1.13 சதுர மில்லிமீட்டர், விட்டம் 1.2 மில்லிமீட்டர். இரண்டு கோபுரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டினால் காற்றையும் தன் எடையையும் அது தாங்காது. தாங்கினாலும் அடுத்த தடை காத்திருக்கிறது.

அந்தத் தடைதான் கொரோனா எனப்படும் மின்னிறக்கம். கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்டை நெருங்கும்போது, சுற்றியுள்ள காற்று அயனியாகிக் கசியத் தொடங்குகிறது. மின்னழுத்தம் உயர உயரவும், கம்பி மெலிய மெலியவும் மேற்பரப்பின் மின்புலம் கூடுகிறது. இருளில் ஊதா நிற ஒளியாகவும், அருகில் நின்றால் சீறும் ஒலியாகவும், ஓசோன் மணமாகவும் இதை உணரலாம். மழையிலும் பனிமூட்டத்திலும் பல மடங்கு பெருகும். இந்த இழப்புக்கும் கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சுமை முழுவதையும் துண்டித்துவிட்டாலும், மின்பாதையில் மின்னழுத்தம் இருக்கும்வரை அது தொடரும். 4,00,000 வோல்ட் அளவிலான மின்பாதைகளில் மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஒரே கம்பியாக இல்லாமல் இரண்டு, நான்கு என்று கம்பிகளைச் சிறு இடைவெளியில் சேர்த்துக் கட்டியிருப்பதற்கு முதன்மையான காரணம் இந்த மேற்பரப்பு மின்புலத்தைத் தணிப்பதே.

மின்னழுத்தத்தோடு சேர்ந்து வளரும் மற்றச் செலவுகளும் உண்டு. மின்காப்பிகளின் வரிசை நீள வேண்டும், கம்பிகள் ஒன்றையொன்று விட்டு விலக வேண்டும், கோபுரம் உயர வேண்டும். மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் ஏற்படும் இழப்பும் கொரோனாவைப்போலவே மின்சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாகத் தொடர்வது. வர்க்கத்தால் குறையும் இழப்பு ஒரு பக்கமும், உயர்ந்துகொண்டே போகும் இந்தச் செலவுகள் மறுபக்கமும் இருக்க, திறனுக்கும் தொலைவுக்கும் ஏற்ற ஒரு மின்னழுத்தத்தை நடுவே தேர்ந்துகொள்கிறார்கள்.

நம் எடுத்துக்காட்டையே வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வு எப்படி அமையும் என்பது விளங்கும். 30,000 வோல்ட்டில் அதே 1 மெகாவாட்டுக்கு 33.3 ஆம்பியர் ஓடும், இழப்பு 11.1 கிலோவாட். 10,000 வோல்ட்டிலிருந்து 30,000 வோல்ட்டுக்குப் போவதால் மிச்சமாவது 89 கிலோவாட். அங்கிருந்து 1,00,000 வோல்ட்டுக்குப் போனால் மேலும் மிச்சமாவது 10 கிலோவாட் மட்டுமே. அந்த 10 கிலோவாட்டுக்காக உயரமான கோபுரங்களையும், நீண்ட மின்காப்பி வரிசைகளையும், இரு முனைகளிலும் பெரிய மின்மாற்றிகளையும் நிறுவுவதை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். 20 கிலோமீட்டர் தொலைவுக்கு 1 மெகாவாட் என்றால் 30,000 வோல்ட்டை ஒட்டிய ஒரு மின்னழுத்தமே போதும். அதே தொலைவுக்கு 50 மெகாவாட் என்றால் 30,000 வோல்ட்டில் 1,667 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும். அதற்கான வீழ்ச்சியே 16,670 வோல்ட். அங்கே 1,00,000 வோல்ட்டில் 500 ஆம்பியரும் 5,000 வோல்ட் வீழ்ச்சியும் என்பதுதான் கட்டக்கூடிய மின்பாதை.